சாய்சதுரத்துக்குள் நான்கு முக்கோணிகள்: மூலைவிட்டங்களிலிருந்து பரப்பளவும் பக்க நீளமும்

சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளையிடம் ஒரு சாய்சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் கொடுத்துப் பரப்பளவைக் கேட்டால், பெரும்பாலும் சரியான விடை வந்துவிடும். பெருக்கி, இரண்டால் வகுத்தால் முடிந்தது. அடுத்த வரியில் "இதன் ஒரு பக்கத்தின் நீளம் யாது?" என்று வரும்போதுதான் கை தடுமாறும். மூலைவிட்டங்களை அப்படியே வர்க்கித்துக் கூட்டுபவர்களும் உண்டு. பரப்பளவுக்கு வர்க்கமூலம் எடுப்பவர்களும் உண்டு. இரண்டு பிழைக்கும் காரணம் ஒன்றுதான்: சூத்திரம் மனப்பாடமாக இருக்கிறது, அது பிறந்த படம் கண்முன் இல்லை.

அந்தப் படத்தில் இருப்பது ஒரேயொரு செங்கோண முக்கோணி. அது நான்கு பிரதிகளாகச் சாய்சதுரத்துக்குள் கிடக்கிறது. பரப்பளவு என்பது அந்த நான்கும் சேர்ந்து அடைக்கும் இடம். பக்கம் என்பது அவற்றில் ஒன்றின் செம்பக்கம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நான்கு முக்கோணிகளைச் சுற்றியே போகும். ஒரு வெள்ளைத் தாள், ஓர் அடிமட்டம், ஒரு கத்தரிக்கோல் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு சாய்சதுரத்தை வெட்டுவோம்

A4 தாள் ஒன்றை ஓரத்தோடு ஓரம் பொருந்த நடுவால் மடியுங்கள். பிறகு மடிப்பு மடிப்போடு பொருந்தும்படி குறுக்கே இன்னொரு தடவை மடியுங்கள். இப்போது கையிலிருப்பது நான்கு அடுக்கு. அதன் நான்கு மூலைகளில் ஒன்றில் மட்டும் திறந்த ஓரமே இருக்காது. முழுத் தாளின் நடுப்புள்ளி அதுதான். அதை O என்று குறியுங்கள்.

O இலிருந்து ஒரு மடிப்பு வழியே 8 சென்ரிமீற்றரில் ஒரு புள்ளி, மற்ற மடிப்பு வழியே 6 சென்ரிமீற்றரில் ஒரு புள்ளி. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டில் நான்கு அடுக்கையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டி எடுத்த மூலையை விரித்துப் பாருங்கள். சாய்சதுரம் ஒன்று கிடைத்திருக்கும்.

ஒரே வெட்டில் வந்ததால் நான்கு பக்கங்களும் சமம். மடிப்புக் கோடுகள் இரண்டும் அதன் மூலைவிட்டங்கள். ஒன்று 8 + 8 = 16 சென்ரிமீற்றர், மற்றது 6 + 6 = 12 சென்ரிமீற்றர். அவை நடுவில் செங்கோணத்தில் வெட்டுகின்றன, ஒன்றையொன்று இருசமகூறிடுகின்றன. இரண்டு பண்புகள் இங்கே இருப்பதைக் கவனியுங்கள்: செங்குத்தாக வெட்டுவது ஒன்று, நடுவில் வெட்டுவது இன்னொன்று. பிறகு இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

தாளை மடித்து வெட்டியதால் இப்படி வந்ததா, எல்லாச் சாய்சதுரத்துக்கும் இப்படித்தானா என்று கேட்பது நியாயம். எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ABCD ஒரு சாய்சதுரம், மூலைவிட்டங்கள் O இல் வெட்டுகின்றன என்று கொள்வோம். சாய்சதுரம் ஓர் இணைகரமும்கூட என்பதால் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமகூறிடும். ஆகவே BO = OD. பக்கங்கள் சமம் என்பதால் AB = AD. AO இரண்டு முக்கோணிகளுக்கும் பொது. எனவே ABO, ADO என்ற முக்கோணிகள் மூன்று பக்கங்களாலும் ஒருங்கிசைகின்றன. அப்படியானால் AOB, AOD என்ற கோணங்கள் சமம். அவை இரண்டும் BD என்ற நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து இருப்பதால் கூட்டுத்தொகை 180°. ஒவ்வொன்றும் 90°. இதே நியாயம் O ஐச் சுற்றியுள்ள மற்ற இரண்டு கோணங்களுக்கும் பொருந்தும்.

பரப்பளவு: நான்கையும் நகர்த்தி ஒரு செவ்வகம்

நீளமான மூலைவிட்டம் கிடையாக வரும்படி தாளை மேசையில் வையுங்கள். அந்தக் கோட்டின் வழியே வெட்டி மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பிரியுங்கள். மேல் பாதியை அசைக்க வேண்டாம். அது அடி 16, உயரம் 6 கொண்ட ஒரு முக்கோணி. கீழ்ப் பாதியை மட்டும் அதன் நடு மடிப்பில் வெட்டினால் இரண்டு செங்கோண முக்கோணிகள் வரும்.

கீழே இடப்பக்கம் இருந்த துண்டைத் திருப்பாமல், சுழற்றாமல், மேல் பாதியின் வலப்பக்க வெற்று மூலைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். கச்சிதமாகப் பொருந்தும். கீழே வலப்பக்கத் துண்டு மேலே இடது மூலைக்குப் போகும். இப்போது மேசையில் கிடப்பது 16 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் அகலம் கொண்ட செவ்வகம். பரப்பளவு 96 சதுர சென்ரிமீற்றர்.

சூத்திரத்தில் வரும் "இரண்டால் வகுத்தல்" எங்கிருந்து வந்தது என்பது இங்கேதான் தெரிகிறது. செவ்வகத்தின் நீளம் ஒரு முழு மூலைவிட்டம். அகலம் மற்ற மூலைவிட்டத்தின் பாதி. மூலைவிட்டங்களை p, q என்று எழுதினால்:

பரப்பளவு = p × (q ÷ 2) = ½ × p × q

பாதியாக்குவது ஒரே ஒரு மூலைவிட்டத்தை மட்டுமே. இரண்டையும் பாதியாக்கிப் பெருக்கினால் 8 × 6 = 48 வரும். அது நான்கு முக்கோணிகளில் இரண்டின் பரப்பளவு மட்டுமே. வகுப்பில் இந்த இடத்தில் தவறாமல் வரும் கேள்வி, "சேர், ரெண்டால பிரிக்கிறதோ, நாலால பிரிக்கிறதோ?" என்பது. "எத்தனை முக்கோணி எண்டு பார், பிறகு ஒண்டின்ர பரப்பளவைப் பார்" என்பதுதான் அதற்கு நான் சொல்லும் பதில். ஒரு முக்கோணி ½ × 8 × 6 = 24. நான்கு முக்கோணி 96. இந்த வழியில் போனால் எதால் வகுப்பது என்ற கேள்வியே எழாது.

பக்கம்: அதே முக்கோணியின் செம்பக்கம்

இனி ஒரேயொரு சிறிய முக்கோணியைக் கையில் எடுங்கள். செங்கோணத்தை அடக்கும் பக்கங்கள் 8, 6. மூன்றாவது பக்கம்தான் நாம் கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம். அதாவது சாய்சதுரத்தின் பக்கம். பைதகரசின் தேற்றம் நேரே இங்கே உட்காருகிறது.

a² = 8² + 6² = 64 + 36 = 100

a = 10 சென்ரிமீற்றர்

அடிமட்டத்தை வெட்டிய ஓரத்தில் வைத்துப் பாருங்கள், 10 சென்ரிமீற்றர் இருக்கும். மில்லிமீற்றர் கணக்கில் கூடக் குறைய வந்தால் மடிப்போ புள்ளியோ சற்று விலகியிருக்கிறது.

பொதுவாக எழுதினால்:

a² = (p/2)² + (q/2)²

இங்கே பாதியாக்குவது இரண்டு மூலைவிட்டங்களையும். பரப்பளவில் ஒன்றை மட்டும், பக்கத்தில் இரண்டையும். இந்த வேறுபாடு மனப்பாடத்தில் நிற்பது கடினம். முக்கோணியைப் பார்த்தால் மறக்க முடியாது. ஏனென்றால் முழு மூலைவிட்டம் எந்தச் சிறிய முக்கோணிக்கும் பக்கமாக வருவதில்லை.

இங்கு இன்னொரு பொறி உண்டு. சில பிள்ளைகள் a² = (p² + q²)/2 என்று எழுதுவார்கள். பாதியை வர்க்கித்தால் கால் ஆகிறது என்பது அவசரத்தில் தப்பிவிடும். சரியானது a² = (p² + q²)/4. ஆனால் இந்த வடிவத்தையே நான் பரிந்துரைப்பதில்லை. முதலில் பாதியாக்கி எழுதிவிட்டு, பிறகு வர்க்கிப்பது எண்களையும் சிறிதாக்கும், பிழையையும் குறைக்கும்.

விடை சரியா என்று பார்க்கும் வழி

நீளமான மூலைவிட்டத்தை p என்று கொள்ளுங்கள். சாய்சதுரத்தின் பக்கம் எப்போதும் p இன் பாதியைவிடப் பெரியது, ஏனென்றால் அந்தப் பாதி செங்கோண முக்கோணியின் ஒரு சிறுபக்கம், செம்பக்கம் அதைவிட நீண்டது. அதேநேரம் பக்கம் p ஐவிடச் சிறியது. அது போகக்கூடிய அதிக அளவு, இரண்டு மூலைவிட்டமும் சமமாகி வடிவம் சதுரமாகும் போதுதான். அப்போதும் p இன் ஏறத்தாழ 0.71 மடங்குதான். நம் தாளில் p = 16, ஆகவே பக்கம் 8 க்கும் 11.4 க்கும் இடையில் இருக்க வேண்டும். 10 அதற்குள் இருக்கிறது.

மூலைவிட்டங்களைப் பாதியாக்க மறந்தவருக்கு என்ன வரும்? 256 + 144 = 400, விடை 20. நீளமான மூலைவிட்டமே 16 தான். பாதியாக்க மறந்த விடை எப்போதும் p ஐத் தாண்டிப் போகும், சரியான விடை ஒருபோதும் தாண்டாது. ஆகவே ஒரே பார்வையில் பிழையைப் பிடித்துவிடலாம்.

பரப்பளவையும் பக்கத்தையும் சேர்த்துச் சரிபார்க்க இதைவிட அழகான ஒரு வழி உண்டு. மேல் பாதியையும் நடுவில் வெட்டி நான்கு முக்கோணிகளையும் தனித்தனியே எடுங்கள். ஒவ்வொன்றின் செம்பக்கமும் வெளியே வரும்படி, 10 சென்ரிமீற்றர் பக்கம் கொண்ட ஒரு சதுரத்தின் நான்கு ஓரங்களில் அவற்றை அடுக்க வேண்டும். ஒன்றின் நீண்ட சிறுபக்கம் அடுத்ததின் குட்டைச் சிறுபக்கத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றிவரும். முதல் முயற்சியில் இரண்டு துண்டுகள் பொருந்தாமல் அடம்பிடிக்கும். காரணம், சாய்சதுரத்தில் அடுத்தடுத்து இருந்த முக்கோணிகள் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பங்கள். எதிரெதிராக இருந்த ஒரு சோடியை மட்டும் முகம் குப்புறத் திருப்பிவிடுங்கள். நான்கும் ஒரே போக்குக்கு வந்துவிடும்.

அடுக்கி முடித்தால் நடுவில் ஒரு சிறிய சதுர ஓட்டை மிஞ்சும். அதன் பக்கம் 8 − 6 = 2 சென்ரிமீற்றர். பெரிய சதுரம் 10 × 10 = 100. நான்கு முக்கோணிகளும் 96. ஓட்டை 2 × 2 = 4. கணக்கு ஒத்துப்போகிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் பைதகரசின் தேற்றத்தைக் காட்டப் பயன்படுத்திய அடுக்கும் இதுவே. சாய்சதுரத்தை வெட்டினால் அந்த நிறுவலுக்கு வேண்டிய துண்டுகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

இதைச் சூத்திரமாக எழுதினால்:

a² − பரப்பளவு = (p/2 − q/2)²

பரீட்சைத் தாளில் இரண்டு விடைகளும் கண்ட பின்பு ஓரமாக ஒரு வரியில் இதைப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று பிழைத்திருந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துவராது. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: சாய்சதுரத்தின் பரப்பளவு பக்கத்தின் வர்க்கத்தை ஒருபோதும் தாண்டாது. ஓட்டை மறையும்போது, அதாவது p = q ஆகிச் சதுரமாகும்போது மட்டுமே இரண்டும் சமம். ஆகவே பரப்பளவுக்கு வர்க்கமூலம் எடுத்தால் பக்கம் வரும் என்பது சதுரத்துக்கு மட்டுமே உண்மை.

ஒரு பட்டம் கட்டிப் பார்ப்போம்

தைப்பொங்கலை ஒட்டி யாழ்ப்பாணத்து வானம் பட்டங்களால் நிறையும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவில் ஏறும் பட்டங்களின் வடிவங்களுக்கு இந்தச் சூத்திரம் போதாது. ஆனால் சின்னப் பிள்ளைகள் முதன்முதலில் கட்டும் நாலுமூலைப் பட்டம் இரண்டு குச்சிகளில் நிற்பது. அந்த இரண்டு குச்சிகளும் மூலைவிட்டங்களேதான்.

64 சென்ரிமீற்றரில் ஒரு மூங்கில் குச்சி, 48 சென்ரிமீற்றரில் இன்னொன்று. இரண்டின் நடுவையும் குறித்து, குறுக்காக வைத்துச் செங்கோணத்தில் கட்டுகிறோம். பிறகு நான்கு முனைகளையும் சுற்றி நூல் இழுத்துக் கட்டி, அதன் மேல் தாள் ஒட்ட வேண்டும். எவ்வளவு நூல், எவ்வளவு தாள்?

பாதிகள் 32, 24. பக்கம்:

a² = 32² + 24² = 1024 + 576 = 1600

a = 40 சென்ரிமீற்றர்

நான்கு பக்கமும் சேர்ந்து 160 சென்ரிமீற்றர். முடிச்சுகளுக்கு ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் கூட்டி வெட்டுங்கள். பரப்பளவு ½ × 64 × 48 = 1536 சதுர சென்ரிமீற்றர். சரிபார்ப்பு: 1600 − 1536 = 64, (32 − 24)² = 64.

இந்தப் பட்டம் நாம் வெட்டிய தாளின் நான்கு மடங்கு பெரியது என்பதைப் பார்த்திருப்பீர்கள். 16 க்கு 64, 12 க்கு 48, 10 க்கு 40. ஆனால் பரப்பளவு 96 இலிருந்து 1536 ஆக, பதினாறு மடங்காகிவிட்டது. நீளங்கள் நான்கு மடங்கானால் நூல் நான்கு மடங்கும் தாள் பதினாறு மடங்கும் வேண்டும்.

தாளை நூலின் மேல் மடித்து ஒட்ட ஓரத்தில் 2 சென்ரிமீற்றர் விட வேண்டும். சுற்றளவு 160 என்பதால் மடிப்புக்கு ஏறத்தாழ 160 × 2 = 320 சதுர சென்ரிமீற்றர் கூடுதலாகத் தேவை. பக்க நீளம் தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. பரப்பளவு மட்டும் தெரிந்தவர் தாளைச் சரியாக 1536 க்கு வெட்டிவிட்டு ஒட்ட ஓரமில்லாமல் நிற்பார்.

இந்தக் கணக்கு இரண்டு குச்சியும் நிமிர்ந்து நிற்கும் பட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். குறுக்குக் குச்சியை வில்லாக வளைத்துக் கட்டினால் அதன் முனைகளுக்கிடையிலான தூரம் குச்சியின் நீளத்தைவிடக் குறைந்துவிடும். மூலைவிட்டம் என்பது முனைக்கு முனை நேர்த்தூரம், குச்சியின் நீளம் அல்ல.

நடுவில் கட்டாவிட்டால், செங்குத்தாகக் கட்டாவிட்டால்

முன்பு சொன்ன இரண்டு பண்புகளையும் இப்போது பிரித்துப் பார்க்கலாம். இந்தப் பகுதி புரிந்தால், எந்த நாற்பக்கலுக்கு எந்தச் சூத்திரம் செல்லும் என்ற குழப்பம் நீங்கிவிடும்.

முதலில், செங்குத்தாகக் கட்டுகிறோம், ஆனால் நடுவில் அல்ல. 64 சென்ரிமீற்றர்க் குச்சியை நிமிர்த்தி, மேல் முனையிலிருந்து 18 சென்ரிமீற்றர் கீழே குறுக்குக் குச்சியைக் கட்டுகிறோம். குறுக்குக் குச்சி மட்டும் தன் நடுவில் கட்டப்படுகிறது. பாடப்புத்தகத்தில் பட்டம் என்று வரும் நாற்பக்கல் இதுதான். பரப்பளவு என்ன? குறுக்குக் குச்சிக்கு மேலே உள்ள முக்கோணி ½ × 48 × 18 = 432. கீழே உள்ளது ½ × 48 × 46 = 1104. கூட்டினால் 1536. சாய்சதுரத்தின் பரப்பளவேதான்! குச்சி எங்கே வெட்டினாலும் 18 உம் 46 உம் சேர்ந்து 64 தானே. ஆகவே ½ × p × q என்ற சூத்திரத்துக்கு மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினால் போதும், நடுவில் வெட்ட வேண்டியதில்லை.

பக்கத்துக்கு அப்படி அல்ல. மேல் பக்கங்கள் இரண்டும் √(18² + 24²) = √900 = 30 சென்ரிமீற்றர். கீழ்ப் பக்கங்கள் √(46² + 24²) = √2692, ஏறத்தாழ 51.9 சென்ரிமீற்றர். 40 என்ற எண் எங்குமே இல்லை. பக்கத்தின் சூத்திரத்தில் p/2, q/2 என்று எழுதும்போதே "நடுவில் வெட்டுகிறது" என்று நாம் சொல்லிவிட்டோம். வினாவில் சாய்சதுரம் என்று இல்லாமல் பட்டம் என்று இருந்தால், பரப்பளவுச் சூத்திரத்தைப் போடலாம், பக்கச் சூத்திரத்தைப் போடக்கூடாது.

அடுத்து, நடுவில் கட்டுகிறோம், ஆனால் குச்சிகள் சற்றுச் சரிந்துவிட்டன. 90° க்குப் பதிலாக 80°. இப்போது கிடைப்பது சாய்சதுரமல்ல, ஓர் இணைகரம். பரப்பளவு ஏறத்தாழ 1513 ஆகக் குறையும். 23 சதுர சென்ரிமீற்றர் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பக்கங்கள் இரண்டு 43.2 ஆகவும் இரண்டு 36.5 ஆகவும் மாறிவிடும். ஆகவே குச்சிகள் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பாகைமானி தேவையில்லை. நூல் கட்டும்போது அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை அளவுநாடாவால் அளந்தால் போதும். இரண்டும் 40 என்றால் குச்சிகள் செங்குத்து. ஒன்று கூடி மற்றது குறைந்தால், நீண்ட பக்கம் குறையும்படி குச்சியைத் திருப்பி மறுபடி இறுக்குங்கள்.

வர்க்கமூலம் முழு எண்ணாக வராதபோது

10, 14 சென்ரிமீற்றர் மூலைவிட்டங்கள் கொண்ட சாய்சதுரத்தை எடுப்போம். பரப்பளவு 70. பாதிகள் 5, 7. a² = 25 + 49 = 74. இதற்கு முழு எண் வர்க்கமூலம் இல்லை.

8² = 64, 9² = 81. ஆகவே விடை 8 க்கும் 9 க்கும் நடுவில், ஏறத்தாழ 8.6. வர்க்கித்துப் பார்த்தால் 8.6² = 73.96, மிகவும் நெருங்கிவிட்டோம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 74 ஐ 8.6 ஆல் வகுங்கள், 8.605 அளவில் வரும். 8.6, 8.605 இரண்டுக்கும் நடுவில் 8.602. மூன்றாம் தசமதானம் வரை இதுவே விடை. வினாவில் தசமதானம் கேட்கவில்லையென்றால் √74 என்றே விட்டுவிடுவது நல்லது. சரிபார்ப்பிலும் அது உதவும்: 74 − 70 = 4, (7 − 5)² = 4. முன்கூட்டியே தசமமாக்கியிருந்தால் இந்தச் சரிபார்ப்பு இவ்வளவு சுத்தமாக வராது.

அலகில் கவனமாக இருங்கள். ஒரு மூலைவிட்டம் மீற்றரிலும் மற்றது சென்ரிமீற்றரிலும் தரப்பட்டால், பாதியாக்கும் முன்பே ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள்.

தலைகீழாக வரும் வினாக்கள்

பக்கம் 13 சென்ரிமீற்றர், ஒரு மூலைவிட்டம் 10 சென்ரிமீற்றர், பரப்பளவைக் காண்க என்று வரலாம். சிறிய முக்கோணியை வரையுங்கள். செம்பக்கம் 13, ஒரு சிறுபக்கம் 5. மற்றது √(169 − 25) = √144 = 12. இங்கே பேனாவை நிறுத்தி ஒரு கணம் பாருங்கள். 12 என்பது மற்ற மூலைவிட்டம் அல்ல, அதன் பாதி. முழு மூலைவிட்டம் 24. பரப்பளவு ½ × 10 × 24 = 120. இந்த வினாவில் 60 என்று எழுதிவிட்டு வருபவர்கள் நிறைய. தரப்பட்ட மூலைவிட்டத்தைச் சரியாகப் பாதியாக்கியவர்கள், கண்ட பாதியை இரட்டிக்க மறந்துவிடுகிறார்கள்.

பரப்பளவு 96, ஒரு மூலைவிட்டம் 12 என்று தந்தால் இன்னும் எளிது. 96 ஐ இரட்டித்து 12 ஆல் வகுத்தால் மற்ற மூலைவிட்டம் 16. பாதிகள் 6, 8. பக்கம் 10.

கடினமானது, பரப்பளவையும் சுற்றளவையும் மட்டும் தந்து மூலைவிட்டங்களைக் கேட்பது. பரப்பளவு 120 சதுர சென்ரிமீற்றர், சுற்றளவு 52 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். பக்கம் 52 ÷ 4 = 13, அதன் வர்க்கம் 169. பாதிகளை x, y என்று எழுதி, இருபடிச் சமன்பாடு அமைத்துத் தீர்க்கலாம். ஆனால் நான்கு முக்கோணிகளும் இதைவிடக் குறுகிய வழி ஒன்றைத் தருகின்றன.

முக்கோணிகளைப் பெரிய சதுரத்துக்கு உள்ளே அடுக்கியபோது நடுவில் மிஞ்சிய ஓட்டையின் பக்கம் x − y. ஆகவே (x − y)² = 169 − 120 = 49, x − y = 7. அதே நான்கு முக்கோணிகளையும் 13 சென்ரிமீற்றர்ச் சதுரத்துக்கு வெளியே, ஒவ்வொரு ஓரத்திலும் செம்பக்கம் ஒட்டும்படி வைத்தால், அதைவிடப் பெரிய ஒரு சதுரம் உருவாகும். அதன் பக்கம் x + y. ஆகவே (x + y)² = 169 + 120 = 289, x + y = 17.

இரண்டையும் கூட்டினால் 2x = 24. கழித்தால் 2y = 10. x என்பது பாதி, ஆகவே 2x என்பதே முழு மூலைவிட்டம். விடை நேரே வந்துவிட்டது: மூலைவிட்டங்கள் 24 சென்ரிமீற்றரும் 10 சென்ரிமீற்றரும்.

இதே வினாவில் சுற்றளவு 52 ஐ மாற்றாமல் பரப்பளவை 170 என்று தந்தால் 169 − 170 மறையெண்ணாகும். எந்த ஓட்டையின் பரப்பளவும் மறையெண்ணாக முடியாது. அப்படியொரு சாய்சதுரம் கிடையாது, வினாவில் எண் பிழைத்திருக்கிறது. பரப்பளவு சரியாக 169 என்றால் ஓட்டை பூச்சியம், x உம் y உம் சமம், கிடைப்பது 13 சென்ரிமீற்றர் பக்கம் கொண்ட சதுரம்.